புள்ளி இருக்கற எடமெல்லாம் இனிஷியல் கெடையாதுடா சாமி

காலைல பத்து மணிக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தவ, இப்ப மணி ஏழாவுது, வெளிய பெரம்பூர்ல மழை பிச்சு ஒதறுது, நான் இன்னும் அதே ஒரு பக்கத்த பாத்துட்டிருக்கேன். எழுபதுகள்ல எழுதுன ஒரு ஸ்கூலோட சேர்க்கைப் பதிவேடு, எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன். ஸ்கேன் பண்ணி, படத்துல இருக்கற எழுத்த தானா படிக்கற ஓசிஆர்ல உட்டு, எக்செல்ல கொட்டி, "அக்கா, இனிஷியல் தனி காலம், பேர் தனி காலம், பிரிச்சு மட்டும் குடுத்துடுங்க, ரெண்டு நாள் வேலைதான்"னு அனுப்பிட்டாங்க. ரெண்டு நாளாம். சொன்னவங்க ஒரு பக்கத்தையாச்சும் தெறந்து பாத்திருப்பாங்களான்னு எனக்கு டவுட்டு.

மொதல்ல அந்த டெம்ப்ளேட்ட பத்தி சொல்றேன், அப்பதான் என் வயித்தெரிச்சல் புரியும். `Initial`, `First Name`, `Last Name`னு மூணு காலம். `Initial`ல ஒரே ஒரு கேரக்டர்தான் ஏறும். ஒரு கேரக்டர்! 'செ.'ன்னு போட்டா கொம்ப வெட்டிட்டு 'ச' மட்டும் நிக்குது, 'எஸ்'னு போட்டா 'எ' நிக்குது. செல்வத்தோட பையனும் சண்முகத்தோட பையனும் சுந்தரத்தோட பொண்ணும் ஒரே 'ச' வீட்டு புள்ளைங்க ஆயிட்டாங்க. அதுல `Last Name` வேற கட்டாயமாம், காலியா உட்டா சிவப்பா கத்துது. நம்மூர்ல எவன்யா லாஸ்ட் நேம் வச்சிருக்கான், இருக்கறது அவன் பேரு, முன்னாடி அப்பன் பேரோட தலையெழுத்து, சில வீட்ல அதுக்கும் முன்னாடி ஊரோ தாத்தாவோ, அவ்ளோதான்.

சரி, ஒரு தம்பி இருக்கான், கோடு எழுதுவான், நல்ல புள்ளதான். "அக்கா புள்ளி இருக்குல்ல, அத வச்சு அஞ்சு நிமிஷத்துல வெட்டிடலாம்"னான். வெட்டுனான். என்ன வந்துச்சு பாருங்க:

```
>>> re.findall(r'\w+', 'சு.மணி')
['ச', 'மண']
```

இனிஷியல்ல உகரம் போச்சு, மணி 'மண' ஆயிட்டான். பைத்தான்ல இருக்கற அந்த `re`க்கு உயிர்மெய்க் குறியும் புள்ளியும் எழுத்தோட சேர்த்தியே கெடையாது, அத பொறுத்தவரைக்கும் கொம்பு, கால், சுழி எல்லாம் வெட்டிப்போடற முள்ளு. `regex`னு தனி மாட்யூல போட்டு `\X` வச்சு எண்ணுனா முழு எழுத்தா வரும், அத சொல்லி அவன் மாத்துறதுக்குள்ள மதிய சாப்பாடு போச்சு.

அடுத்த ஐடியா, "சின்னதா இருந்தா இனிஷியல், பெருசா இருந்தா பேரு". டேய் தம்பி, எழுத்தையும் குறியையும் தனித்தனியா எண்ணற `len`ன 'எஸ்'க்கு போடு, 3. 'ரவி'க்கு போடு, 3. 'உமா', 'லதா', 'மணி' எல்லாத்துக்கும் 3. முழு எழுத்தா எண்ணுனாலும் அத்தனையும் ரெண்டு எழுத்துதான். உமாவ இனிஷியல்ல போட்டுட்டு பேர காலியா உட்ட வரிசை மட்டும் இந்த பக்கத்துல மூணு.

அப்புறம் நானே ஒரு லிஸ்ட் குடுத்தேன், ஏ பி சி டி இ எஃப் ஜி எச், 'ஹெச்'சும் சேத்து, கடைசி இசட் வரைக்கும். இங்கிலீஷ் எழுத்த தமிழ்ல எழுதுறது மொத்தமே அவ்ளோதான, அது மூடுன லிஸ்ட்டு, அதுல இருந்தா இனிஷியல்னு நெனச்சேன். முக்கால்வாசி சரியாச்சு, ஒத்துக்கறேன். ஆனா எழுதுன கிளார்க் பாதி எடத்துல புள்ளியும் வைக்கல இடைவெளியும் உடல, அதனால தம்பி முன்னாடி ஒட்டி இருந்தாலும் வெட்டுன்னு போட்டுட்டான். எஸ்தர்னு ஒரு பொண்ணு, எஸ். தர் ஆயிட்டா. கேசவன் கே. சவன். விமலா வி. மலா. பிரேமா பி. ரேமா. ஏழுமலைக்கு நேந்தது இன்னும் மோசம், ஏ. ழுமலையாம்! எந்த தாய் தகப்பன்டா ழு-ல ஆரம்பிச்சு பேர் வைப்பாங்க, ழ ள ற ண ன எல்லாம் தமிழ்ல பேருக்கு மொதல்ல வராதுன்னு ஆறாங்கிளாஸ் புள்ள சொல்லும். அத செக்கா போட சொன்னேன், ழுமலை தப்பிச்சுது, ஆனா சவனும் மலாவும் தப்பிக்கல, ஏன்னா ச-வும் ம-வும் பேருக்கு மொதல்ல வர்ற எழுத்துதானே. ஒட்டி இருந்தா வெட்டாத, அப்படியே உட்டுட்டு மஞ்சள் அடின்னு கடைசியா சொல்லிட்டேன்.

இதெல்லாம் கூட பரவால்ல. நெசமா என் உயிர வாங்குனது புள்ளி. நம்ம எழுத்துல புள்ளி ரெண்டு வேல பாக்குது, தலைல வச்சா மெய்யெழுத்து, கால்ல வச்சா இனிஷியல். ஸ்கேன்ல அது கொஞ்சம் மேல கீழ நகுந்தா கதை முடிஞ்சுது. இந்த ரெஜிஸ்தர்ல வரி வேற நெருக்கி நெருக்கி, மேல் வரிசைல வச்ச இனிஷியல் புள்ளி நேரா கீழ் வரிசை எழுத்து தலைல போய் உக்காருது, 'ம.கண்ணன்' அங்க 'ம்கண்ணன்' ஆவுது.

ஒரு வரிசைய சொல்றேன், முக்கா மணி நேரம் தின்னுச்சு (பேரெல்லாம் மாத்திருக்கேன், கோளாறு மட்டும் அப்படியே). ஓசிஆர் குடுத்தது 'ஜி ப.ரியா'. ஸ்கிரிப்ட் அத ஜி.ப. இனிஷியல், பேரு ரியான்னு பிரிச்சு பச்சை டிக் போட்டுட்டு போயிடுச்சு, பாக்கவும் லட்சணமாத்தான் இருக்கு. எனக்கு மட்டும் உறுத்துச்சு, எழுபதுகள்ல அந்த தெருவுல யாரு புள்ளைக்கு ரியான்னு வச்சிருப்பா? பக்கத்து காலத்துல தகப்பனார் பேரு 'ஏ கோவிந்தசாமி'. ரெண்டு இனிஷியல் இருந்தா ஊரோ தாத்தாவோ முன்னாடி வரும், பேர ஒட்டி நிக்கறது வழக்கமா அப்பாதான். அப்ப ரியாவ ஒட்டி நிக்கற 'ப' கோவிந்தசாமியா இருக்கணும், இல்ல. முன்னாடி இருக்கற 'ஜி' தாத்தாவா இருந்தா அப்பாவோட இனிஷியலும் ஜி-யா இருக்கணும், ஆனா அங்க 'ஏ' இருக்கு. அதோட 'ஜி' இங்கிலீஷ் எழுத்து, 'ப' தமிழ் எழுத்து, ஒரே பேர்ல ரெண்டையும் கலந்து எழுதுறது ரொம்ப அபூர்வம், இந்த ரெஜிஸ்தர்ல வேற எங்கயும் இல்ல. படத்த நானூறு பர்சன்ட் பெருசாக்கி பாத்தேன். புள்ளி 'ப'வோட வலது தோள்பட்டைக்கு பக்கத்துல நிக்குது, கீழயும் இல்ல மேலயும் இல்ல, அவசரத்துல வச்ச புள்ளி. ஆனா அதே கை 'ஜி'க்கு அப்புறம் புள்ளியே வைக்கல, இடைவெளி உட்டுருக்கு. இனிஷியலுக்கு புள்ளி வைக்காத மனுஷன் 'ப'வுக்கு மட்டும் ஏன் வைக்கணும்? வைக்கல. அந்த பொண்ணு பேரு ப்ரியா. ஜி.ப்ரியா, கோவிந்தசாமி பொண்ணு. அவ்ளோதான் சமாச்சாரம்.

சரி, அப்பா பேர வச்சே எல்லாத்தையும் செக் பண்ணிடலாம்னு தம்பி குதிச்சான். மொத எழுத்து ஒத்துப்போனா பச்சை, போகலன்னா சிவப்பு. பக்கம் முழுக்க சிவப்பு! ஏன்னா 'ஜி'யும் 'கோ'வும் கம்ப்யூட்டருக்கு வேற வேற. கோவிந்தசாமிக்கு ஜி, தங்கராசுக்கு டி, அருணாசலத்துக்கு ஏ, நம்ம ஏழுமலைக்கு இங்கிலீஷ்ல 'E' போடறதால தமிழ்ல திரும்ப எழுதும்போது 'இ'. அதே 'இ' இளங்கோவுக்கும் வரும். 'சி'ன்னு இருந்தா அது சின்னசாமியோட தமிழ் 'சி'யா, செல்லையாவுக்கு போட்ட இங்கிலீஷ் 'C'யா? ரெண்டுக்கும் ஒரே எழுத்து, அப்பா பேர பாக்காம சொல்லவே முடியாது. சரின்னு இந்த ஜோடியெல்லாம் எழுதி குடுத்தா, அடுத்த கூத்து, அப்பா பேருக்கு முன்னாடியும் இனிஷியல் இருக்கு! 'கோ.சுப்பிரமணி' புள்ளைக்கு 'சு' சரி, ஆனா ஸ்கிரிப்ட் 'கோ'வோட ஒப்பிட்டு தப்புங்குது. புள்ளையோட இனிஷியல பிரிக்க அப்பா பேரு வேணும், அப்பா பேர எடுக்க அவரோட இனிஷியல பிரிக்கணும். அதோட அந்த காலத்தோட தலைப்பு 'பெற்றோர் அல்லது காப்பாளர் பெயர்'. சில புள்ளைங்களுக்கு அங்க தாய்மாமன் பேரு இருக்கும், இனிஷியல் மட்டும் அப்பாவோடது. அது தப்பே இல்ல, ஆனா சிவப்பு.

திருவ பத்தி சொல்லாம எப்படி உடுவேன். "மரியாதை சொல்லெல்லாம் நீக்கிட்டோம்"னு பெருமையா எழுதி அனுப்பிருந்தாங்க. 'திரு.மணி'ங்கற வரிசைல திருவ நீக்கி வெறும் மணி. டேய், அவன் மூணாங்கிளாஸ் பையன்டா! எந்த வாத்தியார் மூணாங்கிளாஸ் பையனுக்கு திரு போட்டு எழுதுவாரு? அப்பா பேரு திருநாவுக்கரசு, அந்த 'திரு'தான் இனிஷியல். நல்லவேளை திரு.வி.க. இவங்க கைல மாட்டல, அவருக்கு 'திரு'ன்னா திருவாரூர், அத தூக்கி எறிஞ்சுட்டு வி.க.ன்னு உட்டுருப்பாங்க. உ.வே.சா.வயும் மூணு இனிஷியல், பேரு இல்லன்னு தள்ளிருப்பாங்க. உத்தமதானபுரம் ஊரு, வே அப்பா, 'சா'தான்யா சாமிநாதன், அதுதான்யா பேரு!

கடைசில என்ன பண்ணேன்னா, நாலாவதா ஒரு காலம் சேத்து 'பதிவேட்டில் உள்ளபடி'ன்னு பேர் வச்சு, ரெஜிஸ்தர்ல இருக்கறத புள்ளி இடைவெளி மாத்தாம அப்படியே அடிச்சேன். பிரிச்சது பக்கத்துல, அப்பா பேரோட ஒத்துப்போச்சா இல்லையாங்கறது அதுக்கு பக்கத்துல. தெரியாத எடத்துல பிரிக்கவே இல்ல, மஞ்சள் அடிச்சு உட்டுட்டேன், நாளைக்கு யாராச்சும் சர்டிபிகேட் கேட்டு வந்தா படத்த தெறந்து அவங்க கண்ணாலயே பாத்துக்கட்டும். `Initial`ல ஒரு கேரக்டர்ங்கறத பத்தாக்க சொல்லி மெயில் போட்டேன்.

இப்பதான் போன் வந்துச்சு. "அக்கா, பத்தெல்லாம் கஷ்டம், ரெண்டாக்கி தர்றோம். அப்புறம் அந்த ப்ரியா வரிசைல லாஸ்ட் நேம் காலியா இருக்கே, அங்க ஜி-ன்னு போட்டுடவா?"