அம்மாவுக்குக் கூலி போட்டுவிட்டு அப்புறம் லாபம் சொல்லுங்கள்

மூன்று கறவை மாடு வைத்தால் மாதம் நாற்பதாயிரம் லாபம் என்று ஒரு அண்ணன் கணக்குச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை நம் தமிழ் வட்டத்தில் சுற்றிய அந்த வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் கேட்ட ஒரே கேள்விக்கு அண்ணன் சொன்ன பதிலும், அதற்கு விழுந்த கைதட்டலும் சேர்ந்து தூங்க விடவில்லை. "வேலைக்கு ஆள் கூலி எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டேன். "வீட்டுல அம்மா, மனைவி பாத்துக்குவாங்க, அதுக்கெல்லாம் யாராவது கணக்கு எழுதுவாங்களா சகோ?" என்றார். சிரிப்பு எமோஜி வேறு.

எழுதுவார்கள் சகோ. நான் எழுதுகிறேன்.

முதலில் அவர் கணக்கு. மூன்று மாடு, ஆளுக்கு 15 லிட்டர், மொத்தம் 45. லிட்டர் 45 ரூபாய். மாதம் 60,750. தீவனம் 20,000 போனால் மீதி 40,000 சுளையாகக் கையில். பெங்களூரில் ட்ராஃபிக்கில் சாகிறவனுக்கு இதைக் கேட்டால் வேலையை விட்டுவிடத்தான் தோன்றும்.

எங்கள் வீட்டிலும் மூன்று மாடுதான். பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் பக்கம், சொந்தமாக அரை ஏக்கர் தீவனப் புல், போர் தண்ணீர். கலப்பின மாடுகள், ஒன்றும் சோடையில்லை. 15 லிட்டர் அவையும் கறக்கும். எப்போது? கன்று போட்டு ஆறேழு வாரத்தில், உச்சத்தில். அதற்கப்புறம் மாதா மாதம் இறங்கிக்கொண்டே வரும். பத்து மாதம் முழுக்கச் சேர்த்துச் சராசரி போட்டால் ஒரு நாளைக்கு 10 லிட்டர் வந்தால் நல்ல மாடு. அதோடு அடுத்த கன்றுக்கு முன்னால் இரண்டு மாதமாவது கறவையை நிறுத்தியே ஆக வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஈத்தில் மடி சரியாகச் சுரக்காது. சினை பிடிக்கத் தாமதமானால் அந்த இரண்டு மாதம் நாலாகும். ஆக மூன்று மாடு வைத்திருந்தால் பெரும்பாலான நாட்களில் கறப்பது இரண்டு. மூன்றாவது தின்றுவிட்டு நிற்கும். வீடியோவில் மூன்றும் ஒரே நாளில் உச்சத்தில் கறக்கிறது, என்ன அதிர்ஷ்டமோ.

அப்போது நிஜக் கணக்கு இப்படி வருகிறது. இரண்டு மாட்டுக்கு 20 லிட்டர். கன்றுக்கும் வீட்டுக் காபிக்கும் 2 போனால் பால் சொசைட்டிக்கு 18. அங்கே கொழுப்பும் கொழுப்பில்லாத திடச்சத்தும் பார்த்துத்தான் விலை. ஊக்கத்தொகையும் சேர்த்து எங்கள் கைக்குச் சராசரி 38 வருகிறது. மாதம் 20,520.

செலவு. மாட்டின் உடம்புக்கு 2 கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று கலப்புத் தீவனம் வைக்க வேண்டும். கறக்கிற மாட்டுக்கு 6 கிலோ, வறண்டதற்கு 2 கிலோ, மொத்தம் 14. கிலோ 30 என்றால் ஒரு நாளைக்கு 420. ராகித் தாள் மூன்றுக்கும் சேர்த்து 80. பச்சைப் புல் சொந்த நிலத்தில் விளைவதால் அதற்கு நான் ஒன்றும் போடவில்லை, சலுகை. மாதம் 15,000 இதிலேயே போகிறது. தாது உப்பு, ஊசி மருந்து, இன்சூரன்ஸ், மோட்டார் எல்லாம் சேர்த்து மாசத்துக்கு 1,500 வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 4,020 ரூபாய். நாற்பதாயிரத்தில் ஒரு சைபர் காணோம்.

இந்த நாலாயிரத்தைத்தான் எல்லாரும் லாபம் என்கிறார்கள். அம்மாவுக்கு இன்னும் கூலி போடவில்லை.

விடியக்காலை நாலரைக்கு எழுந்து சாணி அள்ளி, தொட்டி கழுவி, கறந்து, கேனைத் தூக்கிக்கொண்டு சொசைட்டிக்கு ஓடுகிறாள். வந்து புல் அறுத்து, நறுக்கிப் போட்டு, தண்ணீர் காட்டி, சாயங்காலம் மறுபடியும் முதலிலிருந்து. கூட்டினால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. துண்டு துண்டாக வருகிற வேலை என்பதால் ஆளும் கிடைக்காது, காலையில் வந்துவிட்டு மாலையில் திரும்ப வா என்றால் யார் வருவார்கள்? சும்மா 300 ரூபாய் போடுங்கள். மாதம் 9,000. நாலாயிரம் லாபம் அப்படியே ஐயாயிரம் நஷ்டமாகிவிடும். அதாவது அம்மாதான் மாதா மாதம் ஐயாயிரம் கொடுத்து மாடு வளர்க்கிறாள். இதைத்தான் அன்றைக்குக் கேட்டேன்.

"சாணி இருக்கே, கன்னு இருக்கே" என்று உடனே வருவீர்கள், தெரியும். சாணி விற்றால் மாதம் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிடைக்கும், நியாயம்தான். கிடேரிக் கன்றை வளர்த்தால் முதல் கன்று போட இரண்டரை வருடமாவது ஆகும், அதுவரை அதுவும் தின்னும். அதோடு 75,000 கொடுத்து வாங்கிய மாடு ஐந்தாறு ஈத்துக்கு அப்புறம் என்ன விலைக்குப் போகும்? அந்தத் தேய்மானத்தை நான் மேலே எழுதவே இல்லை. கன்றுக்கும் அதற்கும் சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்ளலாம், சரியா? காளைக் கன்றாகப் போட்டால் என்ன செய்வது என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொருத்தர், "அபார்ட்மென்ட்ல நேரா வித்தா லிட்டர் 60" என்றார். உண்மை. 18 லிட்டரும் 60-க்குப் போனால் கூலி போக ஏழாயிரம் பக்கம் நிற்கும். ஆனால் அது பால் வியாபாரத்தில் வருகிற லாபம், மாடு தருகிற லாபமில்லை. ஐந்தரைக்கு வண்டியில் கேனோடு போய் பெல் அடிக்கிறவருக்கும் கூலி உண்டு, பெட்ரோலும் உண்டு. அதுவும் வீட்டு ஆள்தான் என்பீர்கள், உங்களிடம் என்ன பேசுவது.

மாடு மனிதர் நேரத்துக்கு நடக்காது என்பதையும் அந்த வீடியோ சொல்லவில்லை. பருவத்துக்கு வந்த மாடு கத்தும், கண்ணாடி மாதிரி வழும்பு தொங்கும். விடியலில் பார்த்தால் சாயங்காலம் சினை ஊசி போட வேண்டும். சில மாடுகள் கத்தவே கத்தாது. அதைத் தவறவிட்டால் அடுத்தது 21 நாள் கழித்துத்தான். கன்று அத்தனை நாள் தள்ளிப் போகும், பாலில்லாத நாட்களும் கூடும். அந்த 21 நாளுக்குத் தீவனமும் தாளும் மட்டும் கிட்டத்தட்ட 1,800 ரூபாய். அம்மா ஒவ்வொரு வேளையும் முதல் நாலு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பாள். தயிர் மாதிரித் திரி தெரிந்தால் மடிநோய். ஊசி போட்டால் சில நாள் பால் ஊற்றக் கூடாது, வீட்டுக்கும் ஆகாது. கையால் மடியைத் தொட்டே சூடு சொல்லிவிடுவாள். இதற்கு எந்த வரிசையில் கூலி எழுதுவீர்கள்?

போன தையில் என் சித்தி மகள் கல்யாணம் தர்மபுரியில். அம்மா முதல் நாள் வருவதாகச் சொல்லி, முகூர்த்தத்துக்கு வந்து, பந்தியில் உட்காராமல் கிளம்பினாள். வறண்ட மாடு கன்று போடுகிற நாள். "மாட்டைக் கட்டிக்கிட்டு அழுறா" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன் என்பீர்கள். ஆமாம், பேசுகிறேன், அந்தப் பாலில்தான் படித்தேன், பேசாமல் எப்படி? லாபம் இல்லை, விற்றுவிடு என்று நான் சொன்னதும் இல்லை. வாராவாரம் சொசைட்டியில் கையில் வாங்குகிற காசு அவள் காசு, அது அவளுக்கு முக்கியம். அதை ஒருத்தர் நாற்பதாயிரம் லாபம் என்று பெருக்கி, அவளை "வீட்டு ஆளுங்க" என்று சுழியாக்குவதுதான் எரிகிறது.

"நெகட்டிவா எழுதாதீங்க, இளைஞர்கள் வரட்டும்" என்று ஒரு கமென்ட். வரட்டும். மாடு வாங்குவதற்கு முன்னால் விற்கிறவர் வீட்டில் சொசைட்டி பால் புத்தகத்தைக் கேளுங்கள், ஒரு வருடத்துக்கு. கன்று போட்ட மாதத்தை விட்டுவிட்டு எட்டாவது மாதத்துப் பக்கத்தைத் திருப்புங்கள். அப்புறம் வீட்டில் யார் நாலரைக்கு எழுந்திருக்கப் போகிறார்கள் என்று, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். அண்ணனும் அவர் புத்தகத்தை எடுத்துப் போடட்டும், நானும் அம்மாவின் புத்தகத்தைப் போடுகிறேன்.