ஆர்டர் போன்ல யாரும் கை வைக்காதீங்க

கல்லாப் பக்கத்துல இருக்கிற போன் கடையோடது. அதுல வர்ற ஆர்டர்லதான் நம்ம எல்லாருக்கும் சம்பளம் வருது. அதை ஆளாளுக்கு நோண்டி வெச்சா நான் யார்கிட்ட போய் முறையிடுறது? போன வாரம் நடந்ததுக்கு அப்புறமும் வாயை மூடிட்டு இருக்க என்னால முடியல.

வளைகாப்புக்கு 101 அதிரசம், 101 முறுக்கு, வெள்ளிக்கிழமை காலைல வேணும்னு ஒரு அம்மா புதன்கிழமை ராத்திரி 8:10க்கு வாட்ஸ்அப் அனுப்பியிருக்காங்க. நாம பார்த்தது வியாழக்கிழமை பகல் 11 மணிக்கு. அதுக்குள்ள ஊற வெச்சிருந்த பாகு மாவையெல்லாம் கடை விற்பனைக்குச் சுட்டு முடிச்சாச்சு. முறுக்கை எப்படியாவது பிழிஞ்சு குடுத்துடலாம். அதிரசத்துக்குப் பாகு கிளறி ஒரு நாளாவது ஊறணும்னு இந்தக் கடையில எல்லாருக்கும் தெரியும். அவசரத்துக்குச் சுட்டா எண்ணெயில போட்டதும் பிரிஞ்சு போகும். பத்து வருஷத்துக்கு மேல நம்மகிட்டயே வாங்குற வீடு, அதிரசத்தை வேற கடையில வாங்கிட்டுப் போச்சு. எனக்கு வயிறு எரியாதா?

உடனே எல்லாரும் ராத்திரி கல்லாவுல இருந்த பையனைப் பிடிச்சுக்கிட்டீங்க. நம்ம போன்ல அந்த மெசேஜ் மேல 8:10 பி.எம்.னு இருக்கு, அவன் பார்க்காம விட்டுட்டான்னு. அநியாயம்! அங்க தெரியிறது அவங்க அனுப்பின நேரம். நமக்கு வந்து சேர்ந்த நேரம் அனுப்பினவங்க போன்லதான் இருக்கும். அந்தம்மா கடைக்கு வந்தப்போ அவங்க போன்ல அதே மெசேஜை அழுத்திப் பிடிச்சு Info பார்த்தோம். Delivered வியாழன் 11:04. ராத்திரி முழுக்க ஒத்தை டிக்தான். பையன் மேல ஒரு தப்பும் இல்ல.

காரணம் என்ன தெரியுமா? சார்ஜ் நிக்கலைன்னு யாரோ செட்டிங்ஸ்ல போய் வாட்ஸ்அப் பிசினஸோட Battery பக்கத்துல Restricted போட்டு வெச்சிருக்கீங்க. அப்படிப் போட்டா ஸ்கிரீன் அணைஞ்சு கிடக்கும்போது அந்த ஆப் பின்னாடி ஓட முடியாது. வர்ற மெசேஜ் வெளியிலேயே நிக்கும். யாராவது ஆப்பைத் திறந்தாத்தான் மொத்தமா வந்து கொட்டும். திறந்து வெச்சிருக்கும்போது எல்லாம் ஒழுங்கா இருக்கும், சிம்முல கால் வந்தாலும் மணி அடிக்கும். அதனாலதான் யாருக்கும் சந்தேகமே வரல. சார்ஜ் நிக்கலைன்னா கல்லாவுக்குக் கீழ சார்ஜர் இருக்கு, சொருகுங்க! அங்க Unrestricted தான் இருக்கணும். Battery Saver-ஐயும் தொடாதீங்க.

காலைல கடை திறக்கிறவங்க இனி ஒரு வேலை செய்யணும். கடை போனை லாக் பண்ணி ஒரு பத்து நிமிஷம் தொடாம வைங்க. அப்புறம் உங்க சொந்த போன்ல இருந்து அந்த நம்பருக்கு ஒரு மெசேஜ் போடுங்க. ரெண்டு டிக் விழுந்து சத்தமும் வந்தா சரி. ரெண்டு டிக் விழுந்து சத்தம் மட்டும் வரலைன்னா யாரோ சைலன்ட்லயோ Do Not Disturb-லயோ போட்டிருக்காங்க. ஒத்தை டிக்கோட நின்னா முதல்ல நெட் இருக்கான்னு பாருங்க. நெட் இருந்தும் நின்னா, திரும்ப யாரோ Battery பக்கத்துல கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. வந்த ஆர்டரைத் திறந்து படிச்சுட்டு, பொட்டலம் கட்டப் போயிடுறீங்க. திறந்த உடனே அந்தப் பச்சை வட்டம் போயிடுது, அடுத்து வர்றவங்களுக்கு அது புது ஆர்டருன்னே தெரியாது. அங்க அவங்களுக்கு நீல டிக் விழுந்தாச்சு, கடைக்காரங்க பார்த்துட்டாங்கன்னு நம்பி உட்கார்ந்திருப்பாங்க. Mark as unread போட்டா நமக்கு மட்டும்தான் படிக்காத மாதிரி காட்டும், அவங்க பக்கத்து நீல டிக் மாறாது. அதனால திறந்தவங்கதான் நோட்டுல எழுதணும். எழுதிட்டு "ஆர்டர் எடுத்தாச்சு"ன்னு பதில் போடணும். அந்த நேரம் எழுத முடியாதுன்னா திறக்கவே திறக்காதீங்க, வேற ஆளைக் கூப்பிடுங்க.

போன்ல இடம் இல்லைன்னு சாட்டை அழிக்கிறதும் இன்னியோட நிக்கணும். அரைக் கிலோவா ஒரு கிலோவான்னு பேச்சு வந்தா நம்ம கையில இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான். இடத்தை அடைக்கிறது குட் மார்னிங் படமும் வீடியோவும்தான், அதை அழிங்க.

இன்னிக்கு ராத்திரி ஷட்டர் இறக்குறதுக்கு முன்னாடி நானே அந்த Battery பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். Unrestricted இல்லைன்னா, மாத்தினது யாருன்னு தெரியாம ஒருத்தரும் வீட்டுக்குக் கிளம்பக் கூடாது.