ஆரோக்கிய ரேகை இல்லாத கையில் முக்கோணம்

"என் கையில் ஆரோக்கிய ரேகையே காணோம். அப்படியானால் பெரிய முக்கோணம் இல்லை என்று அர்த்தமா?"

இருக்கிறது அக்கா. புத்தி ரேகையும் ஆயுள் ரேகையும் இரண்டு பக்கங்கள். மூன்றாவது பக்கம் ஆரோக்கிய ரேகை; அது இல்லாத கையில் அந்தப் பக்கத்தைக் கற்பனையாகப் போட்டுக்கொள்வார்கள். அந்த ரேகை இல்லாததே நல்ல உடல்நலம் என்றுதான் கைரேகைக்காரர்கள் சொல்கிறார்கள்.

இங்கே சாட்ஸ்வொர்த்தில் என் நாத்தனார் கையும் இப்படித்தான். ஆயுள் ரேகை மணிக்கட்டருகே முடியும் இடத்திலிருந்து சுண்டுவிரல் மேடு வரை பேனாவால் கோடு இழுத்துப் பார்த்தோம், முக்கோணம் அகலமாக விழுந்தது. அகலமாக இருந்தால் தாராள மனசு, ஒடுங்கினால் கோழைத்தனம் என்பார்கள். மோதிர விரலை நோக்கிப் போகும் சூரிய ரேகை இருந்தால் சிலர் அதையே மூன்றாவது பக்கமாக எடுப்பார்கள். அப்போது முக்கோணம் சின்னதாகும், பலனும் மாறும். அதனால் கை பார்ப்பவர் எந்தக் கோட்டை எடுத்தார் என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம் நாற்கரம் வேறு. அது இருதய ரேகைக்கும் புத்தி ரேகைக்கும் நடுவே உள்ள இடம். முக்கோணமும் நாற்கரமும் அடங்கிய உள்ளங்கைப் பள்ளம்தான் செவ்வாய் சமவெளி. அதைக் கண்ணால் பார்த்தால் போதாது, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். குழி ஆயுள் ரேகைப் பக்கம் சாய்ந்தால் வீட்டுக் கவலை, விதி ரேகைப் பக்கம் என்றால் பணக் கவலை என்பது வழக்கம். ஆனால் மெலிந்த கை எல்லாமே குழியாகத்தான் தெரியும், அதை வைத்துப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.