ஸ்ட்ரைக்கைத் தாண்டினால் லாபமா?

"நிஃப்டி 25,000 கால் ஆப்ஷன் வாங்கியிருக்கேன், எக்ஸ்பைரி அன்னைக்கு நிஃப்டி 25,000-ஐத் தாண்டிட்டா லாபம்தானே?"

இல்லை, ஆப்ஷனை வாங்க நீங்கள் கொடுத்த விலையை, அதாவது பிரீமியத்தை, இந்தக் கணக்கு மறந்துவிட்டது. யூனிட்டுக்கு 180 ரூபாய் கொடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கான்ட்ராக்ட் முடியும் எக்ஸ்பைரி நாளில் நிஃப்டி 25,110-ல் முடிந்தால் கைக்கு வருவது 110, அதாவது ஸ்ட்ரைக் விலையான 25,000-க்கு மேலே உள்ள வித்தியாசம் மட்டும்தான், ஆகவே ஸ்ட்ரைக்கைத் தாண்டியும் 70 ரூபாய் நஷ்டம். 25,180-ல்தான் போட்ட காசு திரும்பும் (புரோக்கரேஜ், வரி தனி). 25,000-லோ அதற்குக் கீழோ முடிந்தால் 180-ம் போச்சு, ஆனால் அதற்கு மேல் போகாது.

ஸ்ட்ரைக்கும் எக்ஸ்பைரியும் கான்ட்ராக்டிலேயே எழுதப்பட்டவை, மாறாது. பிரீமியம் மட்டும் சந்தை விலை, அதனால் இதே கான்ட்ராக்டை 90 ரூபாய்க்கு வாங்கிய உங்கள் நண்பர் அதே 25,110-ல் 20 ரூபாய் லாபத்தில் இருப்பார்.

அப்புறம், "தாண்டிட்டா" என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மதியம் 25,300-ஐத் தொட்டது என்பதெல்லாம் செட்டில்மென்டுக்குக் கணக்கே இல்லை, அந்த நேரத்தில் நீங்கள் விற்று வெளியேறியிருந்தால்தான் உண்டு. கடைசிவரை வைத்திருப்பவருக்கு அன்றைய இன்டெக்ஸ் முடிவு விலைதான்.