"மேற்கொள்ளப்பட வேண்டும்"னா யாருய்யா மேற்கொள்ளணும்?

உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர்ல பக்கத்து வீட்டு அப்பத்தா குடும்ப பென்ஷன் வாங்குறாக, அவுகளுக்கு ஒரு ஆபீஸ்ல இருந்து சர்க்குலர் வந்துச்சு, "வாசிச்சு சொல்லுய்யா"ன்னு எங்கிட்ட நீட்டுனாக. அதுல இருந்த வாக்கியம் இது:

"ஓய்வூதியதாரர்களின் வாழ்நாள் சான்று சமர்ப்பிப்பு, உரிய ஆவணங்கள் சரிபார்ப்புக்கு உட்படுத்தப்பட்டு, 30 தினங்களுக்குள் மேற்கொள்ளப்பட வேண்டும். தவறும் பட்சத்தில் ஓய்வூதிய வழங்கல் நிறுத்தம் செய்யப்படும்."

நானும் டிகிரி படிச்சவன்தான், ஆனா தப்பா புரிஞ்சுக்கிட்டேன். "உட்படுத்தப்பட்டு"ங்கிறது முன்னாடி வருதுல்ல, அதனால ஜெராக்ஸ் எல்லாத்துலயும் முதல்ல கெசட்டட் ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கணும்னு நெனச்சு ரெண்டு நாள் அப்பத்தாவ பஸ்ல கூட்டிட்டு அலைஞ்சேன். கடைசில பார்த்தா சரிபார்க்கிறது அந்த ஆபீஸ்காரங்க வேலையாம்! எனக்கு ரொம்ப கோவம் வந்துச்சு, 70 வயசு தாண்டுன மனுஷிய வெயில்ல அலைய விட்டது அந்த ஒரு சொல்லு.

தமிழ்ல "போய், வாங்கி, கொடுத்தான்"னா மூணு வேலையும் ஒரே ஆள் செஞ்சதுன்னுதான் நம்ம காது கேக்கும். இங்க சரிபார்க்கிறது ஒரு ஆளு, கொடுக்கிறது வேற ஆளு, ரெண்டு பேரையும் "படு" போட்டு மறைச்சு ஒரே வாக்கியத்துல கோத்துட்டாங்க. அப்புறம் கொடுங்கங்கிற வினைய "சமர்ப்பிப்பு"ன்னு பெயராக்கிட்டா அது தனியா நிக்காது, முட்டுக்கொடுக்க "மேற்கொள்ளப்பட"ன்னு இன்னொரு வினை வேண்டியிருக்கு, வாக்கியம் நீளுறதே இதனாலதான்.

நான் உக்காந்து மாத்தி எழுதலாம்னு பார்த்தேன், முடியல. "நீங்கள்"னு ஆரம்பிச்ச உடனே எங்க கொடுக்கணும், என்னென்ன கொண்டு போகணும், 30 நாள்னா எந்த தேதில இருந்துன்னு கேள்வி வருது, சர்க்குலர்ல ஒண்ணுக்கும் பதில் இல்ல. தேதி ஜூன் 3, அப்பத்தா கைக்கு வந்தது ஜூன் 17. ஆபீசுக்கு போன் போட்டு எல்லாத்தையும் கேட்டப்பதான் பதில் கெடச்சுச்சு, நாளும் 3-ல இருந்துதான் கணக்குன்னாங்க. அப்புறம் எழுதுனது:

"நீங்கள் உயிரோடு இருப்பதைக் காட்டும் வாழ்நாள் சான்றை ஜூலை 3-க்குள் எங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுங்கள். ஆதார், பென்ஷன் புத்தகம், பேங்க் பாஸ்புக் மூன்றையும் கொண்டு வாருங்கள். நாங்களே சரிபார்ப்போம். கையெழுத்து வாங்கி வர வேண்டாம். கொடுக்காவிட்டால் பென்ஷனை நிறுத்திவிடுவோம்."

"படு" வந்தாலே தப்புன்னு நான் சொல்லல. "பாலம் மூடப்பட்டுள்ளது"ன்னா போதும், யார் மூடுனாங்கன்னு யாருக்கும் வேணாம். ஆனா "மனு நிராகரிக்கப்பட்டது"ன்னா யார் நிராகரிச்சாங்கன்னு தெரியாம எங்க போய் அப்பீல் பண்றது? வாழ்நாள் சான்றுங்கிற பேரையும் ஒரு எடத்துல போட்டு வைக்கணும், கவுன்டர்ல அதத்தானே கேப்பாங்க.

எழுதுனத அப்பத்தாகிட்ட வாசிச்சு காட்டுனேன். புரிஞ்சதான்னு கேக்கல, கேட்டா எல்லாரும் தலையத்தான் ஆட்டுவாக. "இப்ப என்ன செய்யப் போறீக?"ன்னு கேட்டேன். "மூணு புத்தகத்தயும் மஞ்சப்பையில போட்டுட்டு 3-ம் தேதிக்கு முன்னால போகணும்"னாக. ஆதார் புத்தகம் இல்ல, அட்டை, அத மட்டும் திருத்திச் சொன்னேன்.