மோதிரம் வந்தது சரி, என் சங்கிலி எங்கே?

நாலு நாளாக மனசுக்குள் வைத்துக்கொண்டு எரிகிறேன், இன்றைக்கு எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் யாரிடமாவது கத்திவிடுவேன்.

அம்மா எனக்குக் கல்யாணத்தில் போட்ட ஐந்து பவுன் சங்கிலியை என் வீட்டுக்காரர் ஏழு மாதத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாமல் அடகு வைத்திருக்கிறார். 2 லட்சம் ரூபாய், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அந்தப் பணத்தைத் தொழிலில் அடிபட்ட ஒரு நண்பருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருக்கிறார். அண்ணன் மகள் காதுகுத்துக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவைத் திறந்தபோது நகைப்பெட்டி காலியாக இருந்தது. கேட்டதும் "லாக்கர்ல வெச்சிருக்கேன், பத்திரமா இருக்கட்டும்னு" என்றார். நானும் நம்பிக் கவரிங் போட்டுக்கொண்டு காதுகுத்துக்குப் போய் வந்தேன். அடுத்த வாரம் வண்டிக்கு இன்சூரன்ஸ் தேடும்போது ஆர்.சி. புத்தகத்தோடு மடித்து வைத்திருந்த அடகு ரசீது கையில் கிடைத்தது. அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுதப் போவதில்லை, பிள்ளை பயந்து பக்கத்து வீட்டுக்கு ஓடிவிட்டாள், அவ்வளவு சொன்னால் போதும்.

பத்து நாள் பேச்சில்லை. பதினோராம் நாள் சாயங்காலம் அரைப் பவுனில் ஒரு மோதிரத்தோடு வந்து நிற்கிறார். "சாரிம்மா, இத வெச்சுக்கோ, இனிமே இப்படி நடக்காது."

அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ரசீதைப் பார்த்த அன்றைக்குக்கூட அந்த அளவுக்கு வரவில்லை.

ஏன் என்று கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாரும் என்னை ஆங்காரம் பிடித்தவள் என்கிறார்கள். நாலு கிராம் மோதிரம், கிராம் 9,000 என்று வைத்தால் தங்கம் 36,000. செய்கூலி சேதாரம் 14 சதவீதம் போட்டிருக்கிறார்கள், அது 5,040. அதன் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 1,230. மொத்தம் 42,000 சொச்சம். இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றாவது தடவை கேட்ட பிறகு சொன்னார், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸுக்காக நான் பார்த்துப் பார்த்துப் போட்டுவரும் 50,000 ரூபாய் சீட்டை ஆறாவது மாதத்திலேயே ஏலத்தில் எடுத்திருக்கிறார், கமிஷனோடு சேர்த்து 8,000 தள்ளி. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சீட்டு அவர் பெயரில் இருப்பதால் யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

அதாவது என்னிடம் மறைத்துச் செய்த ஒரு காரியத்துக்கு மன்னிப்புக் கேட்க, என்னிடம் மறைத்து இன்னொரு காரியம் செய்திருக்கிறார்!

சீட்டில் போன 8,000, செய்கூலி சேதாரத்திலும் வரியிலும் போன 6,200, ஆக 14,000 ரூபாய்க்கு மேல். நாளைக்கே இந்த மோதிரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை போடுவார்கள், மற்றதெல்லாம் போனது போனதுதான். 2 லட்சத்துக்கு ஏழு மாத வட்டி எவ்வளவு? மாதம் 2,000, ஆக 14,000. அந்த வட்டியில் ஒரு ரூபாய்கூட அவர் இதுவரை கட்டவில்லை. மோதிரம் வாங்குகிறேன் என்று காற்றில் விட்ட காசை வைத்தே என் சங்கிலியின் வட்டியை இன்றுவரை கட்டி முடித்திருக்கலாம். சீட்டுப் பணம் 42,000-ஐ அப்படியே கட்டியிருந்தால் வட்டி போக அசலிலும் 28,000 குறைந்திருக்கும். ஒரு வருடத் தவணை, இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அதற்குள் மீட்காவிட்டால் 2,24,000 நிற்கும், நோட்டீஸ் வரும், அப்புறம் ஏலம். ஏலத்தில் மிச்சம் ஏதாவது வந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பார்கள், சரி. அம்மா கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்து அழித்துச் செய்த சங்கிலியை யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

எனக்குத் தூக்கம் வராமல் செய்வது ஒன்று இருக்கிறது. அடகு வைக்கும்போது நகை யாருடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். என் அம்மா போட்ட நகையைத் தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் மனிதர் வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் போட்ட நகை அவளுக்கே சொந்தம், புருஷனுக்கு அதில் பங்கு கிடையாது, நெருக்கடி நேரத்தில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. இங்கே எங்கள் வீட்டு நெருக்கடிகூட இல்லை, யாரோ ஒருவருடைய நெருக்கடி. கேட்டிருந்தால் நானே கழற்றிக் கொடுத்திருப்பேன். இதற்கு முன் இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன், மாமனார் ஆபரேஷனுக்கு ஒரு தடவை, இந்த வீட்டு அட்வான்ஸுக்கு ஒரு தடவை. அவருக்கு அது தெரியாதா?

மாமியார் சொல்கிறார், "அதான் மோதிரம் வாங்கிட்டு வந்துட்டான்ல, இன்னும் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" நாத்தனார் போனில் அதையே சொல்கிறாள், பக்கத்து வீட்டு அக்காகூட "எங்க வீட்டுக்காரர் ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல, நீ கொடுத்து வெச்சவ" என்கிறார். பரிசே வேண்டாம் என்கிறவள் இல்லை நான். போன வருடம் பிள்ளையின் ஆண்டு விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை, நன்றாகச் சண்டை போட்டேன், ராத்திரி மல்லிகைப்பூவும் கால் கிலோ அல்வாவும் வாங்கி வந்தார், சிரித்துவிட்டேன், முடிந்துபோனது. ஏன் முடிந்தது? அவர் ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும், என்னிடம் எதையும் ஒளிக்கவில்லை, கோபம் மட்டும்தான் மிச்சம் இருந்தது. கோபத்துக்குப் பூ போதும். இப்போது பிரச்சினை என்னவென்றால், அவர் "ஆபீஸ்ல இருக்கேன்" என்று சொன்னால்கூட எனக்குச் சந்தேகம் வருகிறது. பால் கணக்கைக்கூட இரண்டு தடவை பார்க்கிறேன். என்னை இப்படி ஆக்கிவிட்டு விரலில் மோதிரம் போட்டால் எப்படிச் சரியாகும்?

எனக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் நேராகவே சொன்னேன். அடகு ரசீது என் கையில் இருக்க வேண்டும். அந்தக் கடன் கணக்கில் என் போன் நம்பரையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள், முடியாது என்றால் வட்டி கட்டும் ரசீதை மாதாமாதம் கொண்டுவந்து காட்டுங்கள், 2,000 என்றாலும் சரி. அந்த நண்பருக்கு என் முன்னால் போன் போட்டு எப்போது தருவார் என்று கேளுங்கள். இன்னும் வேறு ஏதாவது இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஒரே தடவையாக அழுது முடிக்கிறேன். இதில் எதற்கும் காசு செலவாகாது. இதையெல்லாம் செய்ய எத்தனை மாதம் ஆனாலும் பொறுத்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அதற்கு அவர் "நீ என்னப் போலீஸ் மாதிரி விசாரிக்கிற" என்றார்.

சரி என்று கடைசியாக ஒன்று கேட்டேன். "என்னங்க, இந்த மோதிரத்த வித்து வர்ற காசுல வட்டியக் கட்டிடலாமா?" அவர் முகம் சுண்டிப்போனது. ஆசையாக வாங்கித் தந்ததை விற்கச் சொல்கிறாளே என்று கோபப்பட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார். என் சங்கிலியைக் கொண்டுபோய் வைத்த அன்றைக்கு அவருக்கு இந்த வலி ஏன் வரவில்லை?

மோதிரம் சாமி அலமாரியில் பெட்டியோடு அப்படியே இருக்கிறது. ரசீதை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை நானே போய் என் சம்பளத்திலிருந்து ஒரு மாத வட்டியைக் கட்டப் போகிறேன்.