2.45 மணி நேரம் என்பது 2 மணி 45 நிமிடம் அல்ல

மணியும் நிமிடமுமாக உள்ள நேரத்தைத் தசம மணியாக மாற்றுவது பற்றிய விவாதத்தில் ஒருவர் இப்படிக் கேட்டார்: “2 மணி 45 நிமிடத்தை 2.45 மணி நேரம்னு போட்டா போதும், தனியா கணக்கு எதுக்கு?”

இது தவறு, கூட்டும்போது பெரிதாக வளரும் தவறு. 2.45 மணி நேரம் என்றால் 2 மணி 27 நிமிடம்தான். 18 நிமிடம் காணாமல் போகிறது. முதலில் விநாடியாக்குங்கள்: 2×3600 + 45×60 = 9900. அதை 3600ஆல் வகுத்தால் 2.75. “ஒன்றரை மணி 10 நிமிடம்” என்று எழுத்தில் வந்தாலும் இதே வழிதான். ஒன்றரை மணி 5400 விநாடி, அதோடு 600, ஆக 6000. வகுத்தால் ஏறக்குறைய 1.67.

உங்கள் பட்டியலில் பல வரிகள் இருந்தும் புள்ளிக்குப் பின் 59ஐத் தாண்டி ஓர் எண்கூட வரவில்லையா? அப்படியானால் அது பெரும்பாலும் இப்படி நிமிடத்தையே புள்ளிக்குப் பின் எழுதியதுதான்.

அதே விவாதத்தில் இன்னொருவர் நிமிடத்தை 60ஆல் வகுக்கச் சொன்னது சரி. ஆனால் அவர் ஒவ்வொரு வரியையும் இரண்டு தசமத்துக்குச் சுருக்குகிறார். 20 நிமிடம் 0.33 ஆகிவிடுகிறது, மூன்றைக் கூட்டினால் ஒரு மணி வராது, 0.99தான் வரும். விநாடியிலேயே கூட்டிவிட்டு, அப்புறம் கடைசியில் ஒரே முறை வகுப்பது நல்லது.

அங்கே தன் கோப்பில் “2:45” என்று இருப்பதாகச் சொன்ன மற்றொருவருக்கு: அது 9900 விநாடியாகவும் இருக்கலாம், 2 நிமிடம் 45 விநாடி என்றால் வெறும் 165 ஆகவும் இருக்கலாம். பக்கத்து வரிகளில் 1:10:30 போல மூன்று பகுதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 2:45 பெரும்பாலும் நிமிடமும் விநாடியும்தான். இல்லையென்றால் எழுதியவரிடம்தான் கேட்க வேண்டும்.